பள்ளியிலோ ஆபீஸிலோ நடந்ததை ஃபேஸ்புக்கில் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்குப் பள்ளியில் ஏதோ நடந்தது, வேலை செய்யும் இடத்தில் அநியாயம் நடந்தது என்று மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேர், அதற்கு முந்தைய இரவே போஸ்ட் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு அலுவலகங்களையும் வைத்து எழுதியது. உங்கள் கையில் நோட்டீஸோ சம்மனோ வந்துவிட்டால் இதை மட்டும் நம்பி இருக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

"நடந்த உண்மையைத்தானே எழுதினேன். உண்மைக்குமா கேஸ் போடுவாங்க?"

போடலாம். ஒருவருடைய நற்பெயர் கெடும் என்று தெரிந்தோ, கெட வேண்டும் என்று நினைத்தோ அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லி அல்லது எழுதி வெளியிட்டால் அது அவதூறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 356-வது பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500-தான் இப்போது இந்த எண்ணில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்பது தண்டனை. இதைக் குற்றமாகவே வைத்திருப்பது செல்லாது என்று தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் தள்ளுபடி செய்துவிட்டது. சுப்பிரமணியன் சுவாமி வழக்கு என்று சொல்வார்கள்.

உண்மை உங்களைக் காப்பாற்றும், ஆனால் தானாகக் காப்பாற்றாது. குற்ற வழக்கில் நீங்கள் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும். அதை வெளியே சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இரண்டையும் காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே போதும். எப்படிப் பார்த்தாலும் 'நடந்தது எனக்குத் தெரியும்' என்பது வேறு, 'நடந்ததை என்னால் நிரூபிக்க முடியும்' என்பது வேறு. வழக்கு என்று வந்தால் இரண்டாவதுதான் கணக்கு.

"பேரே போடலையே. 'எங்க ஏரியா ஸ்கூல் கணக்கு சார்'னுதான் போட்டேன்."

படிக்கிறவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் 'இது அவர்தான்' என்று புரிந்துகொள்ள முடிந்தால் பெயர் போட்டது மாதிரிதான். அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர்தான் என்றால் அடையாளம் முடிந்துவிட்டது. கீழே கமெண்டில் யாராவது பெயரை எழுதி, நீங்கள் அதற்கு லைக் போட்டால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, பள்ளியும் கம்பெனியும்கூட அவதூறு வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்துக்கும் ஆட்களின் கூட்டத்துக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆசிரியர் சும்மா இருந்தாலும் நிர்வாகம் வரும். நான் பார்த்தவரை நோட்டீஸ் அனுப்புவது பெரும்பாலும் நிர்வாகம்தான்.

"பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்லதான் போட்டேன். அது எங்களுக்குள்ளதானே?"

அவதூறுக்கு ஊரே படிக்க வேண்டும் என்றில்லை. நீங்களும் அவரும் தவிர மூன்றாவது ஆள் ஒருவர் படித்தாலே வெளியிட்டதாகிவிடும். நாற்பது பேர் இருக்கும் குரூப்பில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பள்ளிக்கு அனுப்பினால் போதும். பெரும்பாலும் அப்படித்தான் போகிறது.

ஆனாலும் அதே வகுப்புப் பெற்றோரிடம் பேசுவதற்கும் உலகத்துக்கு எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. தன் நலனையோ மற்றவர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதற்குச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 'என் பையனுக்கு இது நடந்தது, உங்கள் பிள்ளைகளையும் கேட்டுப் பாருங்கள்' என்று வகுப்புக் குரூப்பில் எழுதினால் அதன் நிழலில் நிற்கலாம். 'அந்த ஆளை விடக்கூடாது' என்று எழுதினால் நிற்க முடியாது. குரூப் அட்மினாக இருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: உறுப்பினர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவர் பொறுப்பாக மாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன.

"நான் எழுதலைங்க, வந்ததை ஃபார்வர்டுதான் பண்ணேன். அப்புறம் டெலீட்டும் பண்ணிட்டேன்."

எஸ்.வி. சேகர் வழக்கைப் பாருங்கள். 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை அவர் முகநூலில் பகிர்ந்தார். தான் எழுதியதில்லை, படிக்காமலே பகிர்ந்துவிட்டேன், உடனே நீக்கி மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்பது அவர் தரப்பு. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அது வெறும் அவதூறு வழக்கு அல்ல, வேறு பிரிவுகளும் இருந்தன. ஆனால் பகிர்ந்தவனும் பொறுப்பாளி என்ற பாடம் எல்லோருக்கும் பொருந்தும்.

நீக்குவதால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பரவுவது நிற்கும், உங்கள் எண்ணம் கெட்டதல்ல என்று காட்டவும் உதவும். போட்டது போட்டதுதான் என்பது மட்டும் மாறாது.

"ஸ்கூல்காரங்க போலீஸ்ல கம்ப்ளைண்ட் கொடுத்தா என்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களா?"

வெறும் அவதூறுக்காகப் போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் தானே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அதை ஏற்கும் முன்பே உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தான். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு 'போஸ்டை எடுத்துடும்மா' என்று பேசுவது நடக்கும். அது வேறு.

எச்சரிக்கை என்னவென்றால், போஸ்டில் மிரட்டல் இருந்தாலோ, ஆசிரியையின் படத்தை மார்ஃப் செய்திருந்தாலோ, ஆபாசமாகத் திட்டியிருந்தாலோ வேறு பிரிவுகள் சேரும். அவற்றில் போலீஸ் நேரடியாக இறங்கலாம். அப்புறம், அவதூறு வழக்கில் தண்டனையைவிட அலைச்சல்தான் பெரிய தொல்லை. சிறைக்குப் போனவர்கள் குறைவு. வாய்தா வாய்தாவாக வேலையை விட்டுவிட்டு நீதிமன்ற வராந்தாவில் நின்றவர்கள் நிறைய. குற்றப் புகாருக்கு மூன்று ஆண்டு, சிவில் வழக்குக்கு வெளியிட்ட நாளிலிருந்து ஓர் ஆண்டு என்பது காலக்கெடு. ஆறு மாதம் ஒன்றும் வரவில்லை என்பதால் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

"சரி, இந்தப் போஸ்ட்ல அப்படி என்ன தப்பு இருக்குன்னு காட்டுங்க."

பல பேர் கொண்டுவந்ததைக் கலந்து நானே ஒரு மாதிரி எழுதுகிறேன். ஆறாம் வகுப்புப் பையன், வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று ஆசிரியர் மர ஸ்கேலால் அடித்ததில் இடது முன்கை வீங்கிவிட்டது. அன்று இரவு பதினோரு மணிக்கு அம்மா எழுதுகிறார்: 'இந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியர் ஒரு சைக்கோ. தினமும் பிள்ளைகளை மிருகத்தனமாக அடிக்கிறான். நிர்வாகம் காசு வாங்கிக்கொண்டு மூடி மறைக்கிறது. யாரும் உங்கள் பிள்ளைகளை இங்கே சேர்க்காதீர்கள்.' கூடவே பையனின் கையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்.

ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். 'சைக்கோ' என்பது வசை. அதை நிரூபிக்க வழியே இல்லை. 'தினமும்', 'பிள்ளைகளை' என்ற இரண்டு சொற்களும் அம்மாவுக்குத் தெரியாதவை. அவருக்குத் தெரிந்தது ஒரு நாள், ஒரு பிள்ளை. இருக்கிறதிலேயே ஆபத்தானது மூன்றாவது வரி. பணம் கைமாறியது என்பது நேரடியான குற்றச்சாட்டு, அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கையில் இல்லை. கடைசி வரி கருத்துதான், தனியாக நின்றால் பெரிய சிக்கல் இல்லை. இந்த மூன்றின் பின்னால் வருவதால் அதுவும் தீய எண்ணத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. உள்ளே இருந்த உண்மையான விஷயம், ஒரு குழந்தையின் கை வீங்கியது. அது எந்த வரியிலும் எழுதப்படவே இல்லை! எதிர்த் தரப்பு வக்கீல் 'தினமும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுவார், அடி பின்னால் போய்விடும்.

அதே அம்மா எழுதியிருக்க வேண்டியது இது: '8.7.2025 செவ்வாய், மூன்றாவது பீரியடில், வீட்டுப்பாடம் முடிக்காததற்காகக் கணக்கு ஆசிரியர் மர ஸ்கேலால் இடது கையில் அடித்ததாக என் மகன் சொல்கிறான். மாலை நாலரை மணிக்கு வீடு வந்தபோது முன்கை வீங்கியிருந்ததை நான் பார்த்தேன். அன்று இரவே அரசு மருத்துவமனையில் காட்டினோம், ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டின் நகல் இணைத்துள்ளேன். விசாரித்து எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டுகிறேன்.' மகன் சொன்னது எது, தான் பார்த்தது எது என்று பிரித்திருக்கிறார். இதில் பொய் என்று சொல்ல எந்த இடமும் இல்லை. முகவரி முகநூல் அல்ல, முதல்வர்.

"புகார்லயும் அதே குற்றச்சாட்டைத்தானே எழுதறோம். அதுக்கும் அவதூறு கேஸ் போட முடியாதா?"

போட்டாலும் நிற்பது கடினம். ஒருவர்மேல் அதிகாரம் உள்ளவரிடம், அந்த விஷயம் குறித்து, நல்லெண்ணத்தோடு குற்றம் சொல்வது அவதூறு ஆகாது என்று 356-வது பிரிவின் எட்டாவது விதிவிலக்கு சொல்கிறது. சட்டத்திலேயே உதாரணமும் இருக்கிறது: ஒரு வேலையாளைப் பற்றி அவருடைய முதலாளியிடம் புகார் சொல்வது, ஒரு குழந்தையைப் பற்றி அதன் அப்பாவிடம் புகார் சொல்வது. ஆசிரியரைப் பற்றி முதல்வரிடமும், பள்ளியைப் பற்றிக் கல்வி அதிகாரியிடமும், மேனேஜரைப் பற்றி ஹெச்.ஆரிடமும் சொல்வது இதே வரிசைதான்.

அதே வாக்கியத்தை ஊருக்குச் சொன்னால் நீங்கள் நிரூபிக்க வேண்டும். நடவடிக்கை எடுக்கக்கூடியவரிடம் சொன்னால் விசாரிப்பது அவர் வேலை. 'நல்லெண்ணம்' என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மனது நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. உரிய கவனம் எடுத்துக்கொள்ளாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது. பிள்ளையிடம் நிதானமாகக் கேட்டீர்களா, டாக்டரிடம் காட்டினீர்களா, தேதி சரியா என்று பார்த்தீர்களா என்பதுதான் அந்தக் கவனம்.

புகார் கொடுத்த கையோடு அதைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் இந்தப் பாதுகாப்பு அந்தப் போஸ்டுக்குக் கிடைக்காது. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

"அப்போ யாருக்கு எழுதணும்? எந்த வரிசையில?"

பள்ளி விஷயம் என்றால் முதலில் முதல்வர் அல்லது தாளாளர். நேரில் கொடுத்தால் இரண்டாவது பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். 'வாங்க மாட்டோம்' என்றால் சண்டை போடாமல் திரும்பி வந்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், பள்ளியின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். ரசீதுதான் உங்கள் சாட்சி. அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அது எண் போட்டுத் துறைக்குப் போகும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம்.

அடிப்பது, மனதளவில் வதைப்பது இரண்டையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. மனுவில் இந்த ஒரு பிரிவைக் குறிப்பிட்டால் போதும். பத்துப் பிரிவுகளை அடுக்கினால் வாசிக்கிற அதிகாரிக்கு விஷயம் மறைந்துவிடும். காயம் பெரிது என்றால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காமல் நேராகப் போலீஸுக்குப் போகலாம். மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம்.

"சிசிடிவி காட்ட மாட்டேங்கறாங்க. அதைச் சொல்லிப் போஸ்ட் போட்டாதானே பயப்படுவாங்க?"

சிசிடிவி பதிவு பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்து, அதன்மேல் புதிது பதிவாகும். நீங்கள் போஸ்ட் போட்டுக் கமெண்ட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நாட்களில் உங்கள் ஒரே சாட்சி போய்க்கொண்டிருக்கும். முதல் புகாரிலேயே, எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த வகுப்பறை அல்லது எந்த வராந்தா என்று எழுதி, 'இந்தப் பதிவை அழியாமல் பாதுகாக்க வேண்டும்' என்று கேளுங்கள். காட்டுவது பிறகு, பாதுகாப்பது முதலில். அப்படிக் கேட்ட பிறகும் அழிந்துபோனால், அந்தக் கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் பக்கத்துச் சான்றுகளும் அப்படித்தான். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துவிட்டு ஃபோனை மாற்றாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சாட்சியச் சட்டப்படி அதனுடன் ஒரு சான்றிதழ் வேண்டும். அசல் கருவி கையில் இருந்தால் அது எளிது.

"இது அடி விஷயம் இல்லை, பாலியல் தொந்தரவு. மத்த பிள்ளைகளைக் காப்பாத்தவாவது உடனே வெளியில சொல்ல வேண்டாமா?"

வெளியில் என்றால் முதலில் போலீஸ். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் இது போக்சோ சட்டத்தில் வரும். விஷயம் தெரிந்தவர் எவராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று 19-வது பிரிவு சொல்கிறது. தன் கீழ் வேலை செய்பவர் விஷயத்தில் சொல்லாமல் விட்ட நிறுவனத் தலைவருக்கு ஓர் ஆண்டு வரை சிறை. 'பள்ளியிலேயே பேசி முடிச்சுக்கலாம்' என்று யார் சொன்னாலும் அவர் தன்னையே சிக்கலில் மாட்டிக்கொள்கிறார். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மீது சிவில், கிரிமினல் எந்த வழக்கும் கிடையாது என்றும் அதே பிரிவு உறுதி தருகிறது. ஸ்டேஷனுக்குப் போகத் தயங்கினால் 1098-க்கு அழையுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்வார்கள். முடிந்தவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும், சீருடையில் வரக்கூடாது. இந்த வழக்குக்கு சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். போட்டு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

இப்போது போஸ்ட். இங்கே அவதூறைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, பக்கத்து இடம் என அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோ 23-வது பிரிவு தடுக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாத, ஓர் ஆண்டு வரையான சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பள்ளியின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, கவனியுங்கள். பெற்ற தாய் தன் சொந்தக் கணக்கில் 'என் மகளுக்கு' என்று எழுதினால் குழந்தை யார் என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. இணையத்தில் போனது அவள் கல்லூரி போகும்போதும் இருக்கும். நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் இந்த அடையாள மறைப்பை மிகக் கண்டிப்பாக வலியுறுத்தியிருக்கிறது. மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற உங்கள் தவிப்பு நியாயமானது. விசாரணை அதிகாரியிடம் 'வேறு பிள்ளைகளையும் விசாரியுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள், அதற்குப் பலன் உண்டு.

"2021-ல சென்னையில முன்னாள் மாணவிகள் இன்ஸ்டாகிராம்ல போட்டதாலதானே வாத்தியாரையே பிடிச்சாங்க? இப்ப போடாதேங்கறீங்க!"

ஆமாம், அந்த மே மாதம் அந்தப் பதிவுகள் இல்லாமல் விஷயம் வெளியே வந்திருக்காது. அதை மறுக்க மாட்டேன். அந்தப் பெண்கள் பேசியது சரி. ஆனால் அங்கே நடந்ததைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பேசியவர்கள் வளர்ந்த பெண்கள், தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அதன் பிறகு போலீஸில் புகார் பதிவாகி, போக்சோவில் கைது நடந்தது. பதிவு கதவைத் திறந்தது, வழக்கை நடத்தியது புகார்.

உங்கள் நிலைமை வேறு. இன்று அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு குழந்தையின் விஷயத்தை இன்னொருவராக இருந்து நீங்கள் எழுதப்போகிறீர்கள். மேலே சொன்ன 23-வது பிரிவு உங்கள் முன்னால் நிற்கிறது. போலீஸுக்குப் போகும் வழியும் இன்றே திறந்திருக்கிறது.

"ஆபீஸ்ல மேனேஜர் தப்பா நடந்துக்கறார். லிங்க்ட்இன்ல எழுதிடலாம்னு இருக்கேன்."

பாலியல் தொந்தரவு என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடம், அல்லது புகாரே முதலாளிமேல் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணைக்குத் தொண்ணூறு நாள் கெடு. நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டும் அதைப் பொய்ப் புகார் என்று சொல்ல முடியாது என்றும் சட்டத்தில் இருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத வலை ஒன்று உண்டு. புகாரின் உள்ளடக்கம், புகார்தாரர், எதிர்த்தரப்பு, சாட்சிகள், விசாரணை நடவடிக்கை எதையும் வெளியிடக் கூடாது என்று 16-வது பிரிவு சொல்கிறது. ஆகவே புகார் கொடுத்துவிட்டு நடுவில் லிங்க்ட்இனில் எழுதினால், கம்பெனிக்கு உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சம்பளம் தரவில்லை, பி.எஃப். கட்டவில்லை என்ற வகை விஷயத்துக்கு இந்தக் குழு அல்ல, தொழிலாளர் துறை அலுவலகமும் பி.எஃப். அலுவலகமும். அங்கே பே ஸ்லிப்பும் வங்கிக் கணக்குப் பட்டியலும் பேசும்.

"பிரியா ரமணி ஜெயிச்சாங்களே. அப்போ எழுதலாம்தானே?"

ஜெயித்தார். தன்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாக அவர் எழுதியதற்காக முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராகக் குரல் கொடுத்ததற்காக ஒரு பெண்ணை அவதூறு வழக்கு என்ற பெயரில் தண்டிக்க முடியாது, பல பத்தாண்டுகள் கழித்தும் எந்த மேடையிலும் அவர் சொல்லலாம் என்றது தீர்ப்பு. அந்தச் சம்பவத்தின் காலத்தில் புகார் கொடுக்க முறையான வழி எதுவும் இல்லாததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அருமையான தீர்ப்பு அது.

வழக்கு 2018 அக்டோபரில் போடப்பட்டது. விடுதலை வர இரண்டேகால் ஆண்டு ஆனது, அதன் பிறகும் அக்பர் மேல்முறையீட்டுக்குப் போனார். நல்ல வழக்கறிஞர்களும் உடன் நின்று சாட்சி சொன்ன தோழியரும் இருந்த ஒரு பத்திரிகையாளருக்கே அவ்வளவு நாள். எழுத முடிவெடுத்தால் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு எடுங்கள். உங்களுக்கு நேர்ந்ததை மட்டும், உங்கள் பெயரில், தேதியோடு எழுதுங்கள். போலிக் கணக்கு பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். நீதிமன்றம் கேட்டால் தளங்கள் கணக்கின் விவரத்தைத் தர வேண்டியிருக்கும். தவிர, முகம் காட்டாமல் எழுதியதே கெட்ட எண்ணத்துக்கு அடையாளமாகக் காட்டப்படும்.

"எல்லாம் முறையா பண்ணேன். மனு கொடுத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, ஒரு பதிலும் இல்லை."

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தனியார் பள்ளி நேரடியாகப் பதில் தர மறுக்கலாம். கல்வி அலுவலரின் அலுவலகம் மறுக்க முடியாது. 'இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு இப்போது யாரிடம் இருக்கிறது, அதன்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பின் நகல் வேண்டும்' என்று மூன்றே கேள்வி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு. தூங்கிக்கொண்டிருந்த கோப்புகள் இந்த ஒரு தாளில் எழுந்து நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் பொதுவெளியில் எழுதினால் நிலைமை முன்பைவிட நன்றாக இருக்கும், ஏனென்றால் இப்போது உங்களிடம் காகிதம் இருக்கிறது. ஆசிரியரைப் பற்றி எழுதாமல் பதில் வராததைப் பற்றி எழுதுங்கள்: 'ஒரு மாணவர் தாக்கப்பட்டது குறித்து ஜூலை 9 அன்று மனு கொடுத்தோம். நாற்பது நாளாகியும் கல்வி அலுவலகத்திலிருந்து பதில் இல்லை.' இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ரசீது உண்டு. பிள்ளையின் பெயர், வகுப்பு, படம் வேண்டாம். ஆசிரியரின் பெயரும் வேண்டாம். பாலியல் குற்றம் என்றால் இதுவும் கூடாது, காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

"ஏற்கெனவே போட்டுட்டேன். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு, ஏழு நாள்ல மன்னிப்புக் கேட்கணுமாம்."

பயந்துவிட வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு அல்ல, எதிர்த் தரப்பின் கடிதம். ஆனாலும் கிடப்பில் போடக் கூடாது. முதலில் உங்கள் போஸ்ட், கமெண்ட்கள், பகிர்வு எல்லாவற்றையும் தேதியும் லிங்க்கும் தெரியும்படி பத்திரப்படுத்துங்கள். பிறகு அதைப் பொதுவெளியிலிருந்து எடுத்துவிடுங்கள். நோட்டீஸையே படமெடுத்துப் போட்டு 'பாருங்க மிரட்டறாங்க' என்று எழுதுவது அடுத்த வழக்குக்கு அடி போடுவது.

பதிலை வழக்கறிஞர் மூலமாக அனுப்புங்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டுமா என்பது நீங்கள் எழுதியதைப் பொறுத்தது. முன்னால் பார்த்த மாதிரிப் போஸ்டையே எடுத்துக்கொண்டால், 'காசு வாங்கிக்கொண்டு', 'தினமும்' என்ற சொற்களுக்கு வருத்தம் தெரிவித்துத் திரும்பப் பெறலாம். அதே பதிலில், அன்று நடந்த அடியைப் பற்றிய புகாரில் உறுதியாக இருக்கிறேன் என்று சொல்லலாம். இரண்டையும் ஒன்றாக்கி மொத்தத்தையும் பொய் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் காகிதம் பிள்ளையின் புகாரையே கொன்றுவிடும். வக்கீலுக்குச் செலவழிக்க முடியாது என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

"புகார் கொடுத்தா டி.சி. கொடுத்து அனுப்பிடுவோம்னு ஆபீஸ் ரூம்ல சொல்றாங்க."

எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. வாயால் சொன்ன மிரட்டலை அன்றே காகிதத்தில் கொண்டுவாருங்கள். 'இன்று காலை 11 மணிக்கு அலுவலக அறையில் இப்படிச் சொன்னீர்கள், இது பள்ளியின் முடிவா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்' என்று முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல், நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. 'ஆமாம்' என்று எழுத்தில் பதில் தர அநேகமாக எந்தப் பள்ளியும் முன்வராது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தப் பிரிவு பொருந்தாது. அப்போது பிள்ளையின் படிப்பு நடுவில் தடைபடாதபடி, கல்வி அலுவலரிடம் இந்த மிரட்டலைத் தனி மனுவாகவே கொடுத்துவிடுங்கள். டி.சி.யில் நீங்களாகக் கேட்டு வாங்கியதாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன், 'பள்ளி கேட்டுக்கொண்டதால்' என்று உங்கள் கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள்.